சொதி வகுப்புக்கு என்ன கட்டணம்?

திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தென்றால் சொதிதான். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். லண்டனிலும் டல்லாஸிலும் இருக்கும் நெல்லைக் குடும்பங்கள் இதை வீடியோ காலில் கற்றுக்கொள்ள விரும்புகின்றன. யூடியூபில் செய்முறை கொட்டிக் கிடக்கிறதே என்றால், சொதி கெடுவது ஒரே ஒரு நிமிடத்தில். அந்த நிமிடத்தில் பாத்திரத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். வகுப்பு நேரலையாக இருப்பதற்கு அதுதான் காரணம், கட்டணத்துக்கும் அதுதான் நியாயம்.

நான்கு பேருக்குப் பெரிய தேங்காய் ஒன்று, பாசிப்பருப்பு கால் கப். தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும். வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்த பச்சைமிளகாய் இஞ்சி விழுதோடு இரண்டாம் பாலும் குழைந்த பருப்பும் சேர்ந்து கொதிக்கும். தீயைக் குறைத்த பிறகுதான் முதல் பால். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கி, சூடு தணிந்தபின் எலுமிச்சைச் சாறு. முதல் பால் கொதித்தாலோ, சூட்டிலேயே எலுமிச்சை பிழிந்தாலோ திரிந்துவிடும்.

நம் கேஸ் அடுப்பை அணைத்தால் தீ உடனே போய்விடும். வெளிநாட்டு வீடுகள் பலவற்றில் இருப்பது மின்சார அடுப்பு. அணைத்த பிறகும் அதன் தட்டு வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். "அணைச்சுட்டேன் அக்கா, ஆனாலும் திரியுதே" என்பார்கள். "அணைச்சா போதாதும்மா, பாத்திரத்தைத் தூக்கி மரப்பலகையில வை" என்று அந்த நொடியில் சொல்ல வேண்டும். தேங்காய் கிடைக்காதவர்கள் டின் பாலைத் திறப்பார்கள். மேலே கட்டியாக நிற்பதை முதல் பாலாக எடுத்துவைத்து, மீதியில் தண்ணீர் கலந்து மற்ற இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை சேர்த்த 'க்ரீம் ஆஃப் கோகனட்' டின்னை வாங்கிவிட்டால் கதை முடிந்தது. யாழ்ப்பாணக் குடும்பம் சேர்ந்தால் அவர்கள் மனதில் இருப்பது இடியாப்பத்துக்கு ஊற்றும் சொதி. அது வேறு, முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஆகவே வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு வீட்டோடும் கால் மணி நேரம் பேசி, அடுப்பையும் டின்னையும் காட்டச் சொல்ல வேண்டும். ஒரு வகுப்புக்கு ஆறு திரைக்கு மேல் வேண்டாம்; அதற்கு மேல் போனால் யார் பாத்திரம் எப்படிக் கொதிக்கிறது என்று தெரியாது. ஆசிரியர் பக்கம் இரண்டு போன்: ஒன்று முகத்துக்கு, ஒன்று பாத்திரத்துக்கு. இரண்டாவதைச் சற்றுச் சாய்த்து வைக்காவிட்டால் ஆவி லென்ஸை மூடிவிடும்.

கட்டணம் எவ்வளவு என்றால் முதலில் வாயில் வருவது, "திரைக்கு 200 ரூபாய் போதுமே." அது எப்படி வருகிறது பாருங்கள். தேங்காய், காய்கறிக்கு 400 ரூபாய், போனைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 400, வீடியோ சேவையின் மாதச் சந்தாவில் இந்த வகுப்பின் பங்கு 350 என்று வைப்போம். (ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும், சொதி வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.) மொத்தம் 1,150. ஆறால் வகுத்தால் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. உழைப்புக்கு இதில் ஒரு பைசா இல்லை.

வகுப்பு ஒன்றரை மணி, சாமான் வாங்கி நறுக்கிப் பிறகு துலக்க ஒன்றரை மணி, முன்பேச்சு ஆறு வீட்டுக்கு ஒன்றரை மணி. ஆக நாலரை மணி நேரம். மணிக்கு 500 ரூபாய் என்றால் 2,250. செலவோடு சேர்த்து 3,400. பணம் அனுப்பும் சேவையும் நாணய மாற்றும் பிடித்துக்கொள்வதற்கு 200 கூட்டினால் 3,600. இதை ஆறால் அல்ல, நான்கால் வகுங்கள். பேர் கொடுத்த எல்லோரும் வரமாட்டார்கள். நான்கு வீடு வந்தாலும் கைநஷ்டம் இல்லாமல் நடக்க வேண்டும். திரைக்கு 900 ரூபாய். ஆறு வீடும் வந்தால் மிஞ்சுவது ஆள் குறையும் வாரத்துக்கு ஆகும்.

ஆளுக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். ஒரே அடுப்பின் முன் மாமியாரும் பேரனும் நின்றாலும் நீங்கள் பார்ப்பது ஒரு பாத்திரத்தைத்தான். அமெரிக்காவுக்கு ஒரு விலை, சிங்கப்பூருக்கு ஒரு விலை என்பதும் வேண்டாம். சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். மகளுக்காக ஊரிலிருக்கும் அம்மாவே ஜிபேயில் கட்டினால் நாணய மாற்றுச் செலவும் இல்லை.

நேரத்தை அவரவர் ஊர்க் கணக்கில் எழுதி அனுப்புங்கள். நம் இரவு எட்டரை நியூயார்க்கில் கோடையில் காலை 11 மணி, குளிர்காலத்தில் 10 மணி. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றும் வாரத்தில், முதல் நாளே ஒருமுறை நினைவூட்டிவிடுங்கள்.