கண்ணெதிரே கறந்த பால்

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா தீவில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு பால் வியாபாரம் வாசலிலேயே நடந்தது. வலெட்டா நகரத் தெருக்களில் ஆடுகளை ஓட்டிவருவார்கள். வீட்டுக்காரர் பாத்திரத்தை நீட்டினால் அங்கேயே மடியைப் பிடித்துக் கறந்து கொடுப்பார்கள். தண்ணீர் கலக்க வழியில்லை. பால் சூடு ஆறுவதற்குள் குடித்துவிடலாம்.

அதே தீவில் ஒரு காய்ச்சலும் இருந்தது. ஏறும், இறங்கும், வாரக்கணக்கில் விடாது. வியர்வை கொட்டும், மூட்டும் முதுகும் வலிக்கும். அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வரிசையாகப் படுத்தார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887-இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தார். இன்று அதற்குப் பெயர் புரூசெல்லா. ஆனால் அது மனிதருக்குள் எப்படி நுழைகிறது என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

1905-இல் மால்டாக்காரரான தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது விடை கிடைத்தது. நோயின் அறிகுறி எதுவுமே இல்லாமல், நன்றாக மேய்ந்து நன்றாகக் கறந்த ஆடுகள்தான் கிருமியைச் சுமந்திருந்தன. ஏறத்தாழ பத்தில் ஓர் ஆட்டின் பாலிலேயே கிருமி வெளிவந்தது. அடுத்த ஆண்டு படைமுகாம்களில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். சிப்பாய்களிடையே காய்ச்சல் மளமளவெனக் குறைந்தது. பழையபடி பச்சைப்பாலைக் குடித்துவந்த ஊர்மக்களிடம் அது தொடர்ந்தது.

'நம் கண்ணெதிரே கறந்தது, நம் வீட்டு மாடு, நோய்நொடி இல்லாதது' என்று பச்சைப்பாலுக்குச் சொல்லப்படும் மூன்று காரணங்களுக்கும் மால்டா அன்றே பதில் சொல்லிவிட்டது. கலப்படம் இல்லாத பால் வேறு, கிருமி இல்லாத பால் வேறு. புரூசெல்லா மடிக்குள்ளேயே பாலில் கலக்கிறது. சாணமும் அழுக்கும் பட்ட மடி, கை, பாத்திரம் வழியாக ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை சேர்கின்றன. மாட்டுக் காசநோயும் பால் வழியே வரும். கர்ப்பிணிக்கு லிஸ்டீரியா தொற்றினால் கரு கலையக்கூடும்.

பாஸ்சுரைசேஷன் இந்தக் கிருமிகளைக் குறிவைக்கும் சூடு. பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்து, உடனே குளிர வைக்கிறார்கள். சூடு போதுமான அளவு ஏறியதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பச்சைப்பாலில் இயல்பாகவே பாஸ்படேஸ் என்ற நொதி இருக்கிறது. இந்த நோய்க்கிருமிகள் சாவதற்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலான சூட்டில்தான் அது அழியும். ஆகவே நொதி மிஞ்சியிருந்தால் சூடு போதவில்லை, அல்லது பச்சைப்பால் கலந்துவிட்டது என்று பொருள்.

சத்து போய்விடாதா? புரதம், கொழுப்பு, கால்சியம், வைட்டமின் ஏ ஆகியவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பி1, பி12 போன்றவற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையலாம். வைட்டமின் சி இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். ஆனால் 100 மில்லி பாலில் அது இருப்பதே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதே எடைக் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பி2-வுக்குச் சூட்டைவிட வெளிச்சமே பெரிய எதிரி. பாலை வெயில் படும் இடத்தில் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் அது வீணாகும்.

நம் வீடுகளில் பால் பொங்கும்வரை காய்ச்சுவது பாஸ்சுரைசேஷனைவிடக் கடுமையான சூடு. பால்காரரிடம் வாங்கும் பாலுக்கு அதுவே காவல். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடாமல், முழுதும் பொங்கவிட்டு, கிளறியபடி ஓரிரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பாக்கெட் பாலிலும் எல்லாக் கிருமிகளும் ஒழிந்துவிடுவதில்லை. குளிர்ச்சி விட்டுப்போயிருந்தால் காய்ச்சுவதே நல்லது. மருந்து என்று குழந்தைக்கு வெள்ளாட்டுப் பச்சைப்பால் புகட்டும் வீடுகள் அதை நிறுத்த வேண்டும்.

மாட்டுக்குப் புரூசெல்லா தொற்றியிருக்கலாம் என்று வளர்ப்பவர்களுக்குக் காட்டும் ஓர் அடையாளம் உண்டு: சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசுவது, நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை போடும் புரூசெல்லா தடுப்பூசி, அரசுத் திட்டத்தில் இலவசம்.

விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் இரவு வியர்வையும் மூட்டுவலியும் இரண்டு வாரம் தாண்டினால், டைபாய்டு என்று முடிவுகட்டும் முன், பச்சைப்பால் குடித்ததையும் மாடு, ஆடுகளோடு புழங்கியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புரூசெல்லாவுக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. பொதுவாக ஆறு வாரம் எடுக்க வேண்டிய அந்த மருந்தை, காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் நோய் திரும்ப வரக்கூடும்.