மணலில் காத்திருக்கும் கொக்கிப்புழு

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொட்டிவைத்த மணலைக் கண்டால் பூனைக்கு வேறு கழிப்பிடம் தேவையில்லை. தோண்ட எளிது, மூட எளிது. தெருநாயும் வெயில் நேரத்தில் நிழல் விழும் பக்கத்தில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும், காலையில் அங்கேயே கழித்துவிட்டும் போகும். அந்த நாய்க்கோ பூனைக்கோ குடலில் கொக்கிப்புழு இருந்தால், மலத்தோடு ஆயிரக்கணக்கான முட்டைகள் மணலில் விழும். மலம் காய்ந்து, மழையில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் விஷயம் முடிவதில்லை. உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது.

ஈரமும் கதகதப்பும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிந்துவிடும். வெளிவரும் இளம்புழு மண்ணிலுள்ள பாக்டீரியாக்களைத் தின்று, இரண்டு முறை சட்டை உரித்து, ஐந்து முதல் பத்து நாளுக்குள் தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வருகிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் பிறகு அது எதையும் உண்பதில்லை. மேல்மணலுக்கு வந்து, சூடான உடம்பு எதுவும் தன் மேல் படுமா என்று காத்திருக்கும். இடம் தோதாக இருந்தால் மூன்று நான்கு வாரம்கூட உயிரோடு இருக்கும். நேர்வெயிலும் வறட்சியும் அதைக் கொன்றுவிடும். அதனால்தான் மழை பெய்து ஓய்ந்த நாட்களில் இந்த நோய் கூடுதலாகத் தென்படுகிறது.

மணலில் படுப்பது நாயாக இருந்தால் புழுவுக்கு வழி தெரியும். தோலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்த் தங்கும். மனிதனுக்கே உரிய கொக்கிப்புழுவும் இதே பாதையில் நம் குடலுக்கு வந்து ரத்தம் குடித்து, சோகையில் தள்ளும். ஆனால் நாய், பூனைக் கொக்கிப்புழு மனிதத் தோலில் ஏறினால், பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வைக் கரைக்கத் தேவையான நொதி இந்தப் புழுக்களிடம் போதிய அளவு இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். கீழே இறங்க முடியாமல், வந்த வழியே திரும்பவும் முடியாமல், பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஊர்தலுக்கு நம் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் சிவந்து, தடித்து, வளைந்து வளைந்து செல்லும் கோடு. ஆங்கில மருத்துவத்தில் இதற்குக் ‘கிரீப்பிங் எரப்ஷன்’ என்று பெயர், ஊரும் தடிப்பு என்று நாம் சொல்லலாம். இதை அதிகம் உண்டாக்குவது ‘அன்சைலோஸ்டோமா பிரேசிலியன்ஸ்’ என்ற இனம். நாய், பூனை இரண்டின் குடலிலும் அது வாழும்.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து, எடை 60 கிலோ. கடற்கரையோர ஊர் ஒன்றில் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மர நிழலில் கிடக்கும் மணல்மேட்டில், சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு அரைமணி நேரம் கண்ணயர்வது வழக்கம். ஒருநாள் இடுப்பின் பக்கவாட்டில் எறும்பு கடித்ததுபோல ஒரு சிவப்புப் புள்ளி, அரிப்பு. மூன்று நாளில் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பியிருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம், தடவினால் மேடு. அடுத்த நாள் பார்த்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. பகலில் வேலை மும்முரத்தில் பொறுத்துக்கொள்கிறார். இரவில் முடியவில்லை. “உள்ளே ஏதோ ஊருது” என்று மனைவியிடம் சொல்கிறார். அவர் சொல்வது அப்படியே உண்மை.

இங்கே பெரும்பாலும் நடக்கும் முதல் தவறு மருந்துக்கடையில் நடக்கிறது. சிவப்பு, அரிப்பு என்றதும் படர்தாமரைக் களிம்பு கையில் தரப்படும். அதில் பல களிம்புகளில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் இரண்டு நாள் அரிப்பு தணியும், சிவப்பும் மங்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும், மருத்துவர் பார்க்கும்போது தடம் தெளிவில்லாமல் போயிருக்கும். படர்தாமரை வட்டமாகப் பரவும், ஓரத்தில் செதில் இருக்கும். இது வட்டமே போடாது, கோடாகத்தான் போகும். சொறி சிரங்கென்றால் விரலிடுக்கு, மணிக்கட்டு என்று பல இடத்தில் வரும், வீட்டில் மற்றவருக்கும் தொற்றும். ஊரும் தடிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கொத்தனாரின் மனைவியும் பிள்ளைகளும் பயப்பட வேண்டியதில்லை.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். நாய்க் கொக்கிப்புழு ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் நகரும். பிட்டம், இடுப்பு, தொடைப் பகுதியில் ஒரு மணி நேரத்திலேயே பல சென்டிமீட்டர் ஓடி, சில மணி நேரத்தில் மறைந்து, பிறகு திரும்ப வரும் கோடு வேறொரு நோய். அது ‘ஸ்ட்ராஞ்சிலாய்டஸ்’ என்ற மனிதக் குடற்புழுவின் வேலை. உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உயிராபத்தாகவும் ஆகலாம் என்பதால் அதைத் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு, புழுவை நேராகத் தாக்க நினைப்பது. கோட்டின் முனை தெரிகிறது, அங்கேதான் புழு இருக்கும் என்று ஊசியால் குத்திப் பார்ப்பார்கள், சூடு வைப்பார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள். மருத்துவர்களே இப்படிச் செய்த காலம் உண்டு. எத்தில் குளோரைடைப் பீய்ச்சி முனையை உறையவைப்பது ஒரு காலத்தில் பெரிய சிகிச்சை. அது ஏன் அடிக்கடி தோற்றது என்பதற்கு விடை எளிது: கண்ணுக்குத் தெரியும் முனையில் புழு இல்லை. தோல் சிவந்து தடிக்கச் சற்று நேரமாகும். அதற்குள் புழு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் முன்னே போயிருக்கும், அங்கே தோல் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். எந்தத் திசையில் முன்னே என்பதும் தெரியாது, ஏனென்றால் தடம் நினைத்த இடத்தில் திரும்பும். சூடு வைத்தால் மிஞ்சுவது கொப்புளமும் தழும்பும்தான். தோலை வெட்டியெடுத்துப் பரிசோதிப்பதும் இதே காரணத்தால் பெரும்பாலும் வீண்.

1920களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரத் தோல் மருத்துவர் கிர்பி-ஸ்மித், டவ், வைட் என்ற இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார். அங்கே வீடுகளின் அடித்தளத்துக்குக் கீழே மணலில் ஊர்ந்து குழாய் பழுது பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி வந்ததால், குழாய்க்காரர் அரிப்பு என்றே ஒரு பெயர் இருந்தது. அவர்கள் 1926இல் தோலுக்குள் இருப்பது ஒரு இளம்புழு என்று எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது நாய், பூனைக் கொக்கிப்புழுவின் குஞ்சு என்பது நிறுவப்பட்டது. தோலில் கோட்டைப் பார்த்து, மணலில் உட்கார்ந்தீர்களா, வெறுங்காலில் நடந்தீர்களா என்று கேட்டாலே இன்று நோய் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை தேவையில்லை. புழு குடலுக்குப் போவதில்லை என்பதால் மலப் பரிசோதனையில் எதுவும் தெரியாது.

புழு எங்கே இருக்கிறது என்று தேடாமல், அது எங்கே இருந்தாலும் போய்ச் சேரும் மருந்தை ரத்தத்தின் வழியாக அனுப்புவதே இன்றைய வழி. முதல் தேர்வு ஐவர்மெக்டின் மாத்திரை. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து உருவான மருந்து இது. முதலில் கால்நடைகளுக்கே பயன்பட்டது. அதைக் கண்டறிந்ததற்காகவே சடோஷி ஓமுரா, வில்லியம் கேம்பெல் இருவருக்கும் 2015இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். நம் கொத்தனாருக்கு 60 பெருக்கல் 200, அதாவது 12,000 மைக்ரோகிராம், 12 மில்லிகிராம். ஒரே வேளை. வழக்கமாக வெறும் வயிற்றில் தண்ணீரோடு தரப்படும். அது கிடைக்காவிட்டால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், தினம் ஒன்றாக மூன்று முதல் ஏழு நாள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுப்பது இதே அல்பெண்டசோல்தான். ஆனால் அங்கே ஒரு மாத்திரையோடு முடியும், குடலில் இருக்கும் புழுவுக்கு அது போதும். தோலில் இருக்கும் புழுவுக்கு மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏற வேண்டும். அதனால்தான் கூடுதல் நாட்கள், அதனால்தான் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டோடு விழுங்கச் சொல்வது. அரிப்புக்கு அலர்ஜி மாத்திரை கொஞ்சம் உதவும். சொறிந்து சீழ் பிடித்திருந்தால் அதற்குத் தனியாக மருந்து வேண்டும்.

மாத்திரை போட்டதும் கோடு மறையாது. இதைச் சொல்லாமல் அனுப்புவதால்தான் பலர் மருந்து வேலை செய்யவில்லை என்று வேறு மருத்துவரைத் தேடுகிறார்கள். மாத்திரை விழுங்கும் அன்று கோட்டின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது நல்லது. மருந்து பிடித்திருந்தால் இரண்டு மூன்று நாளில் அரிப்பு குறையும், கோடு அந்தப் புள்ளியைத் தாண்டாது. தடிப்பு அமுங்கி மங்க ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம், அதன்பின் லேசான கருமை தங்கியிருக்கும். அது தோல்வி அல்ல. ஆனால் புள்ளியைத் தாண்டிக் கோடு தொடர்ந்து நீண்டாலோ, புதுக் கோடு கிளம்பினாலோ புழு சாகவில்லை, இரண்டாவது வேளை வேண்டும். மணலில் படுத்தவர்களுக்குச் சில சமயம் பிட்டத்திலும் முதுகிலும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறுசிறு கொப்புளங்களாகவும் வரும். அங்கே புழு மயிர்க்கால் குழியின் ஆழத்தில் இருப்பதால் ஒரு வேளை மருந்து பலருக்குப் போதுவதில்லை.

கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் ஐவர்மெக்டின் பொதுவாகத் தருவதில்லை. குழந்தைக்குப் பத்து சதவீத அல்பெண்டசோல் களிம்பு செய்து, தினம் மூன்று வேளை, பத்து நாள் தடவச் சொல்வார்கள். தடத்தின் மேல் மட்டும் அல்லாமல் முனையைச் சுற்றிலும் தாராளமாகத் தடவ வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். கர்ப்பிணிக்கு, குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், அரிப்பைத் தணித்துக்கொண்டு காத்திருப்பதே பல நேரம் சரியான முடிவு. மனித உடம்பில் வளர வழியில்லாத புழு சில வாரத்தில், சிலருக்குச் சில மாதத்தில், தானாகவே செத்துவிடும். மற்றவர்கள் அவ்வளவு நாள் தூக்கம் கெட்டுத் தவிக்கத் தேவையில்லை.

கொத்தனாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அதே மணலுக்குத் திருப்பி அனுப்பினால் அடுத்த மழையில் திரும்ப வருவார். மணல் இறக்கிய அன்றே தார்ப்பாய் போட்டு மூடினால் பூனை அண்டாது. ஆனால் அசுத்தமான பிறகு மூடுவது தவறு, நிழலும் ஈரமும் கிடைத்து புழு நன்றாகவே வாழும். அந்த மணலைக் கிளறிப் பரப்பி நேர்வெயிலில் காயவிட வேண்டும். படுப்பதானால் கீழே பாய், மேலே சட்டை. கடற்கரையில் அலை வந்து அலசிப்போகும் ஈரமணல் பரவாயில்லை. அலை தொடாத, படகு நிழலும் செடி நிழலும் விழும் மேட்டு மணலில் வெறுங்காலோடு குழந்தையை விளையாட விடக் கூடாது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் குட்டிக்கு இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குக் கொக்கிப்புழு வந்துவிடும் என்பதால் கண் திறந்த குட்டிக்குத்தானே என்று தள்ளிப்போடக் கூடாது.