ஏசி போட்ட பழைய வீட்டில் சுவர் ஏன் உரிகிறது, தெரியுமா?

புதுச்சேரியின் பழைய வீடுகளில் ஒன்றரை அடி கனத்தில் செங்கலும் சுண்ணாம்புமாக நிற்கும் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அது மழையில் தண்ணீர் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும்! அத்தனை வருஷம் நின்றதே அப்படிக் காய்ந்துவிடுவதால்தான். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஓதம் அடங்காது. வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும்.

இப்போது ஏசி வந்தது. கதையே மாறுகிறது! வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் கீழே உள்ள எதில் பட்டாலும் தண்ணீர் கோக்கும். அறையை 24-ல் வைத்தால் உட்சுவர் 25-ஐ ஒட்டி இருக்கும். வெளியிலிருந்து சுவருக்குள் வரும் ஆவி, அறைப்பக்கம் ஒட்டிய வினைல் வால்பேப்பரின் பின்னால் நீராகி நிற்கும். மேலே பார்த்தால் பளபளப்பு. ஒரு மூலையைப் பிரித்தால் கறுப்புப் பூஞ்சணம்!

குளிர்நாடுகளில் ஈரத்தடைத் தாளை அறைப்பக்கம்தான் ஒட்டுகிறார்கள், தெரியுமா? அங்கே ஆவி உள்ளிருந்து வெளியே போகிறது. நமக்கு நேர் எதிர். அந்த ஊர் வீடியோவைப் பார்த்து இங்கே ஒட்டுவதுதான் வினை.

அப்படியானால் வெப்பத்தை எங்கே தடுப்பது? மேல்தளத்தில் பெரும்பங்கு வெப்பம் கூரை வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் மெட்ராஸ் டெரஸின் மேற்புறத்தில் தடுப்பைப் போடுங்கள். முதலில் விரிசலை அடைத்து, கோடையில் தளத்தை நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வெப்பத்தடுப்புப் பலகை, அதற்கு மேல் வெள்ளை ஓடு. கீழ்ப்புறத்துத் தேக்கு உத்திரங்களைத் திறந்தே விடுங்கள். மிச்ச ஈரம் அறைப்பக்கமாகத்தான் காய வேண்டும். அழகுக்காக ஃபோம் அடித்து ஃபால்ஸ் சீலிங் போட்டால், சுவருக்குள் புதைந்த உத்திர முனை உளுத்துப்போவது கண்ணுக்கே தெரியாது!

இன்னொன்று: பெரிய டன் ஏசி நல்லதில்லை. சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. கூரையைச் சரிசெய்தபின் கணக்குப் போட்டு வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக ஓடி ஈரத்தையும் இறக்கும். 27-ல் வைத்து மின்விசிறியையும் ஓட்டினால் உடம்புக்கும் போதும், சுவரும் வியர்க்காது.

உங்கள் வீட்டுச் சுவர் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? கையில் தண்ணீர் எடுத்துத் தெளியுங்கள். உறிஞ்சினால் நிம்மதி. முத்துமுத்தாக வழிந்தால் அது பிளாஸ்டிக் பெயின்ட். அடுத்த முறை பெயின்டரை அழைக்கும்போது அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே அடிக்கச் சொல்லுங்கள்.