எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’

கோடை இன்டர்ன்ஷிப்பின் கடைசி நாள் பல கம்பெனிகளில் ஒரே மாதிரிதான் போகும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கல்லூரி கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தோடு மாணவர் சூப்பர்வைசரின் மேசைக்கு வருவார். சூப்பர்வைசர் ஒரு கண் மெஷின் மேலும் ஒரு கண் தாளின் மேலுமாக, ‘மிக நன்று’ என்ற வரிசையில் மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டே போவார். கையெழுத்து, சீல், “நல்லா வரணும் தம்பி” என்று ஒரு வாழ்த்து. ஆறு வார வேலைக்கு மதிப்பெண் போட்டாயிற்று.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரே பையன் நின்றுகொண்டிருக்கும்போது யாருக்குத்தான் ‘சுமார்’ என்று போட மனம் வரும்? கோளாறு பாதி படிவத்திலேயே இருக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலில் இப்படியொரு மாதிரிப் படிவம் உண்டு. தரமான வேலை தருகிறாரா, தானாக முன்வருகிறாரா, சீக்கிரம் கற்றுக்கொள்கிறாரா, குறை சொன்னால் ஏற்கிறாரா என்று வரிசையாகக் கேட்டு, பக்கத்தில் தரநிலைக் கட்டங்களை வைத்திருக்கும். கேள்விகளில் தவறில்லை. ஆனால் ‘நன்று’க்கும் ‘மிக நன்று’க்கும் என்ன வித்தியாசம் என்று எழுதப்படாத படிவத்தில், டிக் எங்கே விழும் என்பதை அன்றைய மனநிலைதான் தீர்மானிக்கிறது.

இந்தக் கோளாறுக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. அமெரிக்க ராணுவத்தில் மேலதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ஆராய்ந்து, 1920இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றையும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியிருந்தும், ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவருக்கு மற்றவற்றிலும் உயர்வாகவே விழுந்திருந்தது. ஆள் பிடித்துப்போனால் எல்லாமே பிடித்துப்போகிறது. இன்டர்ன் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. நேரத்துக்கு வந்து, வணக்கம் சொல்லி, பணிவாக இருக்கும் பெண்ணுக்கு வேலைத் தரத்திலும் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

இதற்கு மருந்தும் பழையதுதான். 1963இல் பாட்ரீஷியா ஸ்மித், லோர்ன் கெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் செவிலியர் பணியை மதிப்பிட ஒரு முறையைச் சொன்னார்கள். அதன்படி, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நடத்தையை எழுத வேண்டும். கோவை பம்ப் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி ஒருத்தி ஆறு வாரம் இருந்ததாக வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்க்கலாம்.

வேலைத் தரத்துக்கு ஐந்து மதிப்பெண். முடித்த வேலையை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் 1. ஒரு முறை சரிபார்த்து, சின்னத் திருத்தத்தோடு பயன்படுத்த முடிந்தால் 3. சரிபார்க்காமலே அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றால் 5. மாணவிக்கு இரண்டாம் வாரம் கொடுத்த வேலை, கடைந்து வந்த 40 பம்ப் உறைகளின் உள்விட்டத்தை அளந்து எழுதுவது. அவள் ஒவ்வொன்றையும் ஒரே திசையில் அளந்துவிட்டாள். துளை வட்டமாக இல்லாமல் லேசாக முட்டை வடிவில் இருந்தால் அந்த அளவில் அது தெரியாது. செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்தால்தான் பிடிபடும். நாற்பதையும் மறுபடி அளக்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்துக்கு 1. நான்காம் வாரத்தில் வந்த அடுத்த லாட்டுக்கு, கேட்காமலே தாளில் இரண்டு திசைக்கும் தனித்தனிப் பத்தி போட்டு அளந்து கொடுத்தாள். சூப்பர்வைசர் ஐந்தாறு உறைகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மொத்தத்தில் 4 என்று போடுவது நியாயம், அந்த இரண்டு லாட்டையும் குறிப்பில் எழுதினால். வெறும் 4 என்றால் கல்லூரியில் வாசிப்பவருக்கு எதுவும் புரியாது.

அதிகம் தடுமாறுவது முன்முயற்சிக் கட்டத்தில்தான். நிறையப் பேசுகிறவருக்கும், மீட்டிங்கில் கை தூக்குகிறவருக்கும் இதில் மதிப்பெண் சுலபமாக விழும். கம்பெனிக்கு வேண்டியது வேறு. வேலை முடிந்ததும் சும்மா உட்கார்ந்திருந்தால் 1. அடுத்து என்ன என்று கேட்டால் 3. யாரும் சொல்லாத ஒரு சிக்கலை ஆதாரத்தோடு கொண்டுவந்து, கை வைப்பதற்கு முன் அனுமதியும் கேட்டால் 5. இதில் அனுமதி முக்கியம். கேட்காமல் மெஷின் செட்டிங்கை மாற்றிப் பார்ப்பது முன்முயற்சி அல்ல, விபத்துக்கு வழி.

மாணவி கழிவு ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, முதல் ஷிப்டில் ‘ப்ளோ ஹோல்’ என்ற காரணமே அதிகம், இரண்டாம் ஷிப்டில் ‘சாண்ட் ஹோல்’ அதிகம் என்று கவனித்தாள். வார்ப்பில் வாயு சிக்கி உண்டாகும் குழி ஒன்று, மணல் விழுந்து உண்டாகும் குழி மற்றொன்று. இரண்டும் வேறு, சரிசெய்யும் வழியும் வேறு. அவள் கழித்துப் போட்ட உறைகளில் சிலவற்றை எடுத்து சூப்பர்வைசரிடம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒரே மாதிரிக் குழியை இரண்டு ஷிப்டும் இரண்டு பெயரில் எழுதியிருந்தது தெரிந்தது. “சார், போட்டோ எடுத்து ஒரு சார்ட் போட்டு ஒட்டட்டுமா?” என்று கேட்டாள். அவர் சரி என்ற பிறகே ஒட்டினாள். இது 5. அவள் அதிகம் பேசாத பெண் என்பதற்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமில்லை.

குழுப் பணிக்குக் கல்லூரிக்காரர்கள் நினைக்கும் அளவு பெரிய சான்று வேண்டாம். அந்த சார்ட்டை இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் ஏற்றுக்கொண்டார்களா? ஷிப்ட் மாறும் நேரத்தில் இருந்து அவர்களிடமும் கேட்டுத் திருத்தியிருந்தால் 4 போடலாம். அவர்களைக் கேட்காமல் ஒட்டி, அவர்கள் மனம் சுளித்திருந்தால் 2தான்.

கற்றல் கட்டத்தில் வேறொரு தப்பு நடக்கும். கடைசியில் என்ன தெரியும் என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்தால், அப்பா லேத் பட்டறை வைத்திருக்கும் பையன் எதுவும் கற்காமலே முதலில் வருவான். முதல் வாரத்தில் எங்கே நின்றார் என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தால்தான் தூரத்தை அளக்க முடியும். ஒற்றைத் திசை அளவிலிருந்து இரண்டு பத்தித் தாளுக்கு வந்தது அந்தத் தூரம்.

இதற்கெல்லாம் சூப்பர்வைசர் செய்ய வேண்டியது, வெள்ளிக்கிழமைதோறும் டைரியில் தேதி போட்டு இரண்டு சம்பவங்களைக் குறித்துவைப்பது. இல்லாவிட்டால் கடைசி வாரம் மட்டுமே ஞாபகத்தில் நிற்கும். இரண்டாம் வாரத்துத் தவறும் மறைந்துபோகும், மூன்றாம் வாரத்து சார்ட்டும் மறைந்துபோகும். மூன்றாம் வார முடிவில் இதே படிவத்தைப் பென்சிலில் நிரப்பி மாணவியிடம் காட்டிவிடுவதும் நல்லது. கடைசி நாளில் முதல்முறையாகக் குறை சொன்னால் அதைத் திருத்திக்கொள்ள அவளுக்கு நாளில்லை.

படிவத்தில் இன்னொரு கட்டமும் தேவை: ‘பார்க்க வாய்ப்பில்லை’. ஆறு வாரமும் தனியாக உட்கார வைத்து டேட்டா என்ட்ரி செய்யச் சொல்லிவிட்டு, குழுப் பணிக்கு 3 போடுவது அநியாயம். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால், மாணவிக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதும் கல்லூரிக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு அதே கம்பெனிக்கு ஆள் அனுப்பும் முன் பிளேஸ்மென்ட் அதிகாரி போன் போட்டுக் கேட்பதற்கு அது ஒரு காரணமாகும்.