வண்டி ஓட்டும்போது விழுந்தால் யார் பணம் தருவார்? பொத்தேரி டெலிவரி ஊழியரின் உரிமைக் கணக்கு

பொத்தேரியில் இரவு வெகுநேரம் வரை ஜி.எஸ்.டி. சாலையோரம் ஆர்டருக்காகக் காத்திருக்கும் பைக்குகளைப் பார்க்கலாம். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக விடுதிகளுக்கும் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரியாணியும் மருந்தும் கொண்டுபோகும் இவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது?

குறைந்தபட்ச ஊதியத்தையும் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் இன்று இவர்களால் கேட்டு வாங்க முடியாது. அந்த இரண்டும் முதலாளியிடம் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு உரியவை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, கிக் தொழிலாளி என்பவரை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்றே வரையறுக்கிறது. இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2021-ல் ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் விடுப்பும் உண்டு என்றது. அவர்கள் செயலியைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டது. இங்கே ஆர்டர் வராமல் சாலையோரம் கழியும் நேரத்துக்கு ஒரு ரூபாயும் கிடையாது. இது அநியாயம்.

மிச்சம் இருப்பது காப்பீடு. கிடைக்கக்கூடிய உரிமை என்றால் இன்றைக்கு இதுதான். ஆனால் அதிலும் ஓட்டைகள் உண்டு.

மத்தியச் சட்டப்படி, செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை ஊழியர்களுக்குக் கொடுத்த பணத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டாது. விபத்துக் காப்பீடு, மருத்துவ உதவி, முதுமைக்காலப் பாதுகாப்பு போன்ற திட்டங்கள் அந்த நிதியிலிருந்து வர வேண்டும். யாருக்கு? 2025 டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் ஒரே நிறுவனத்துக்கு 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் என்றால் எல்லாம் சேர்த்து 120 நாள். பொத்தேரியில் படித்துக்கொண்டே சனி, ஞாயிறு மட்டும் ஓட்டும் மாணவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 104 நாள். தேர்வும் செமஸ்டர் விடுமுறையும் போனால் 90 எட்டாது. ஆனால் ஒரே நாளில் இரண்டு செயலிகளில் சம்பாதித்தால் அதை இரண்டு நாளாக எண்ணுகிறது அந்த வரைவு. அப்படியானால் 60 வார இறுதி நாட்களிலேயே அவர் 120-ஐத் தொட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கென 2023-ல் தனி நல வாரியம் அமைந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கை 1,50,000 பேருக்கு விபத்து மரணம், ஊனம் ஆகியவற்றுக்கான குழுக் காப்பீட்டை அறிவித்தது. வாரியத்தில் பதிவு செய்தவரே இந்தக் காப்பீட்டைக் கேட்க முடியும். விழுந்த பிறகு போய்ப் பதிவதில் பயனில்லை. tnuwwb.tn.gov.in தளத்தில் முன்பே பதிந்து, அட்டையின் படத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

இனி, அந்த மாணவர் ஆர்டருடன் போகையில் ஒரு கார் இடித்துக் கால் முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கியதுதான் அது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம்.

அடுத்து பைக் இன்சூரன்ஸ். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். சரியாகிவிடும் எலும்பு முறிவுக்கு அதில் காசு வராது. வண்டி அப்பா பெயரில் இருந்தால் மகனுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. பாலிசித் தாளில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியை வாசித்துப் பாருங்கள். தனியார் இருசக்கர வாகனப் பாலிசியில் வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக் கூடாது, சரக்கு ஏற்றக் கூடாது என்றிருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் டெலிவரி செய்பவரின் கோரிக்கையை மறுக்க காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த ஒரு வரி போதும். செயலி நிறுவனம் தரும் காப்பீட்டிலும் ஒரு நிபந்தனை வழக்கம்: விபத்தின்போது லாக்-இன் செய்திருக்க வேண்டும், சிலவற்றில் கையில் ஆர்டரும் இருக்க வேண்டும். ஆர்டரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் தகராறு வரும். அதனால் ஆர்டர் விவரம், நேரம் தெரியும் திரையை அன்றைக்கே படமெடுத்து வைப்பது அவசியம், ஐ.டி. பிளாக் ஆனால் அந்தப் பதிவுகளைப் பிறகு பார்க்க முடியாமல் போகலாம்.

இடித்த காரின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பதுதான் வலுவான வழி. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நீங்கள் ஊழியரா இல்லையா என்ற கேள்வியே எழாது. கார் ஓட்டியவரின் தவறும் உங்கள் வருமானமும்தான் பார்க்கப்படும். முதல் தகவல் அறிக்கையில் கார் எண் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். வாராந்தரப் பட்டுவாடா விவரமும் வங்கிக் கணக்கு அறிக்கையும் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். அது நீங்கள் உண்மையில் சம்பாதித்ததைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.