1,560 மணி நேரம்: கனடாவில் ஒரு வருட அனுபவம் என்பது எவ்வளவு?

டொரண்டோவில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு ஒரே இடத்தில் முழுநேர வேலை எளிதில் அமைவதில்லை. ஒரு அலுவலகத்தில் வாரம் மூன்று நாள், இன்னொன்றில் இரண்டு நாள், வார இறுதியில் சொந்தமாகக் கொஞ்சம் வேலை என்று நாட்கள் ஓடும். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. படிவம் கேட்பது ஒரே ஒரு எண்: எத்தனை வருட அனுபவம்?

'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில், கனடாவிலேயே வேலை செய்தவர்களுக்கென்று கனடிய அனுபவப் பிரிவு ஒன்று இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் ஒரு வருடத் திறன்சார் வேலை அனுபவம் வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. இங்கே வருடம் என்பது காலண்டர் வருடம் அல்ல, 1,560 மணி நேரச் சம்பள வேலை. வாரம் 30 மணி நேரம் என்று 52 வாரங்களைப் பெருக்கினால் வருவது. வாரம் 15 மணி நேரம் வேலை செய்பவர் இதே அளவை எட்ட 24 மாதங்கள் ஆகும். இரண்டு, மூன்று வேலைகளின் மணி நேரங்களைக் கூட்டிக்கொள்ளவும் அனுமதி உண்டு.

இதுவரை எளிது. பலர் தவறவிடுவது அடுத்த விதியை. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் கணக்கில் ஏறுவது 30 மட்டுமே. அதற்கு மேல் செய்ததை அடுத்த வாரத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கார்பரோவில் வசிக்கும் ஒரு பெண், படிப்பு முடிந்து முறையான வொர்க் பெர்மிட்டுடன் 2023 ஜனவரி 2 அன்று ஒரு மளிகை மொத்த விற்பனை நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 18 மணி நேரம். அது போதாமல் அக்டோபர் 2 முதல் ஒரு பல் மருத்துவமனையிலும் அதே கணக்கு வேலை, வாரம் 20 மணி நேரம். இடையில் தெரிந்தவர்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்து வாரம் 8 மணி நேரம் தனியாகச் சம்பாதிக்கிறார். 2024 ஜூன் இறுதி வரை மூன்றும் தொடர்கின்றன.

வேலைக்கு வேலை மாதங்களைக் கூட்டினால் 18, 9, 18 என்று 45 மாதங்கள், ஏறக்குறைய நான்கு வருடம். ஆனால் அதே மாதங்கள் இதில் இரண்டு தடவை, மூன்று தடவை எண்ணப்பட்டிருக்கின்றன. காலண்டரில் கழிந்தது ஒன்றரை வருடம்தான்.

விதிப்படி எண்ணினால் முதல் 39 வாரங்களுக்கு வாரம் 18 வீதம் 702 மணி நேரம். இரண்டாவது வேலை சேர்ந்த பிறகு வாரம் 38 மணி நேரம் உழைத்தாலும் 30தான் ஏறும். அந்த 39 வாரங்களுக்கு 1,170. ஆக மொத்தம் 1,872. அதாவது ஒரு வருடமும், அதற்கு மேல் 312 மணி நேரமும். வரிப் படிவ வேலைக்குக் கிடைப்பது பூஜ்யம், ஏனென்றால் சொந்தத் தொழில் இந்தப் பிரிவில் எண்ணப்படுவதில்லை. முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலைக்கும் இதே நிலைதான்.

இந்தப் பெண் எப்போது தகுதி பெற்றார் என்பதுதான் முக்கியமான கேள்வி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டதே என்று 2024 புத்தாண்டில் விண்ணப்பித்திருந்தால், அன்றைக்கு அவர் கையில் இருந்தது 702-உடன் கடைசி 13 வாரங்களின் 390 சேர்த்து 1,092 மணி நேரம். இன்னும் 468 குறைவு. 1,560-ஐ அவர் தாண்டியது 68-ஆவது வாரத்தில், ஏப்ரல் மூன்றாம் வாரக் கடைசியில். அந்த நான்கு மாத இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. இணையப் படிவம் விண்ணப்பதாரர் தட்டச்சு செய்வதை அப்படியே நம்பி மதிப்பெண் போட்டு, அழைப்பும் அனுப்பிவிடும். சம்பளச் சீட்டையும் அனுபவக் கடிதத்தையும் அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

அப்போது நிராகரிப்போடு முடிந்தால் கட்டணமும் காலமும் போகும். தவறான தகவல் தந்ததாக முடிவு செய்தால், குடிவரவுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி 5 ஆண்டுகள் கனடாவுக்குள் வரத் தடை. 'வருடத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு, யார் பார்க்கப்போகிறார்கள்' என்று அக்கறையோடு சொல்லும் உறவினர்கள் இந்தப் பிரிவைப் படித்திருக்க மாட்டார்கள்.

சராசரி இன்னொரு கண்ணி. ஒரு வாரம் 45 மணி நேரம், மறுவாரம் 15 மணி நேரம் என்று மாறி மாறி வேலை செய்பவருக்குச் சராசரி 30. முதலாளியும் நல்லெண்ணத்தோடு 'வாரம் சராசரியாக 30 மணி நேரம்' என்றே கடிதம் தருவார். ஆனால் ஏறுவது முதல் வாரத்துக்கு 30, இரண்டாவதற்கு 15. உண்மைச் சராசரி 22.5. இப்படி வேலை பார்ப்பவர் 52 வாரம் கழித்து விண்ணப்பித்தால் 390 மணி நேரம் குறையும். வாரத்துக்கு ஒரு வரி என்று தாளில் எழுதி, எதிரே சம்பளச் சீட்டில் உள்ள மணி நேரத்தையும், அதற்கடுத்து 30-ஐத் தாண்டாத எண்ணையும் குறிப்பதுதான் நம்பகமான வழி. சம்பளமில்லாமல் ஊருக்குப் போய்வந்த ஆறு வாரங்களும் அப்போது தானாக வெளியே தெரியும்.

எந்த வேலை என்பதும் சரிபார்க்கப்பட வேண்டியது. கனடாவின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அதன் இரண்டாம் இலக்கம் 0 முதல் 3 வரை இருந்தால்தான் அது திறன்சார் வேலை. கணக்கெழுதுபவரின் எண் 12200, தகுதி உண்டு. காசாளரின் எண் 65100, தகுதி இல்லை. அந்தப் பெண்ணின் இரண்டாவது வேலை கடைக் கல்லாவில் இருந்திருந்தால், 78 வாரங்களுக்கும் வாரம் 18 வீதம் 1,404 மணி நேரம்தான் தேறியிருக்கும். ஒன்றரை வருட உழைப்புக்குப் பிறகும் ஒரு வருட அனுபவம் இல்லை.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து தனியாக இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பவர், கூட்டாட்சித் திறன் பணியாளர் பிரிவில் அதை அனுபவமாகக் காட்டலாம். ஆனால் அங்கே ஒரு வருடம் இடைவெளியின்றி, ஒரே தொழிலில் இருக்க வேண்டும். மார்ச்சில் ஒரு வேலை, ஆகஸ்டில் ஒரு வேலை என்று விட்டுவிட்டுச் செய்ததை ஒட்டுப்போட முடியாது. என்னென்ன செய்தேன் என்று தானே எழுதிக் கையெழுத்திட்ட தாளும் சான்றாகாது. வாடிக்கையாளர் கடிதமும், அவர்கள் பணம் செலுத்திய விவரமும் வேண்டும்.

கனடாவுக்கு வெளியே விதிகள் வேறு மாதிரி. அமெரிக்க மத்திய அரசு வேலைகளில் வாரம் 20 மணி நேரம் ஒரு வருடம் செய்தால் ஆறு மாத அனுபவம். பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்கு, ஒரே மாதத்தில் இரண்டு திட்டங்களை நடத்தினாலும் அது ஒரு மாதம்தான். ஆகவே ஒரு நாட்டுக்குப் போட்ட கணக்கை இன்னொரு நாட்டின் படிவத்தில் அப்படியே எழுதக் கூடாது.

பகுதிநேர வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலையை விடுவதற்கு முன்பே, சேர்ந்த தேதி, விடும் தேதி, பதவி, செய்த பணிகள், சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற விவரங்களோடு நிறுவனத்தின் தாளில் கடிதம் வாங்கிவிடுங்கள். மணி நேரம் மாறியிருந்தால் எந்த மாதம் முதல் மாறியது என்றும் எழுதச் சொல்லுங்கள். கடை மூடிப்போனால் பிறகு அந்தக் கையெழுத்தைப் போட ஆள் கிடைக்காது.