பணம் இருந்தது, பிரீமியம் போகவில்லை

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு மறுபடி மலையேறுவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால்தான் கல்வராயன் மலையில் எல்.ஐ.சி. பாலிசி வைத்திருப்பவர்களுக்கு 'நாச்' என்கிற ஏற்பாடு வசதியாக இருக்கிறது. ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும். கெடு தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் போய்விடும். சிக்கல் என்னவென்றால், அது போகாத மாதத்திலும் யாரும் வந்து கதவைத் தட்டிச் சொல்லப்போவதில்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். வெள்ளிமலை விவசாயி ஒருவருக்கு அரையாண்டு பிரீமியம் 12,000 ரூபாய், கெடு ஜனவரி 28 என்று வைத்துக்கொள்வோம். மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் 31,000 ரூபாய் கணக்கில் இருக்கிறது. வங்கியில் கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொன்னார்கள், டிசம்பரிலேயே ஆதார் நகல் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டார். ஆனால் கிளையில் அதைக் கணினியில் ஏற்றவில்லை, கணக்கு முடக்கப்பட்டது. ஜனவரி 28 அன்று வந்த நாச் கோரிக்கை அப்படியே திரும்பிப் போனது. மே மாதக் கடைசியில் பாஸ்புக் அச்சிடப் போனபோதுதான் விஷயம் தெரிகிறது. அதற்குள் ஒரு மாத அருள்காலம் கடந்து, பாலிசி காலாவதி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, கோரிக்கை திரும்பியதற்கென்று வங்கியே 250 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி. 45 ரூபாயும் பிடித்திருக்கிறது. தவறு செய்தவரே அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்ளும் விசித்திரம் இது.

தாமதக் கட்டணம் எவ்வளவு வரும்? பேச்சுவழக்கில் அபராதம் என்கிறோம். கணக்குப்படி அது வட்டிதான். ஆண்டுக்கு 9.5 சதவீதம் என்று கொண்டால், நான்கு மாதத்துக்கு 12,000 ரூபாய்க்கு 380 ரூபாய். இந்த 380 ரூபாயைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனு எழுதிவிட்டு, பதில் வரும்வரை பிரீமியம் கட்டாமல் காத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் பலர் செய்யும் பெரிய தவறு. காத்திருக்கும் நாட்களில் குடும்பத்துக்குக் காப்பு இல்லை. கட்டத் தவறிய முதல் கெடுவிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றால், பொதுவாக நிலுவையையும் வட்டியையும் கட்டினாலே பாலிசி உயிர்பெற்றுவிடும். அதைத் தாண்டினால் உடல்நலச் சான்று, சில நேரம் மருத்துவப் பரிசோதனை என்று நீளும். ஆகவே 380 ரூபாயையும் சேர்த்து உடனே கட்டிவிட வேண்டும். தள்ளுபடி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல்தான் கட்டுகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் எல்.ஐ.சி. கிளையின் முத்திரை வாங்கிக்கொண்டால் போதும்.

380 ரூபாயைவிடக் கனமான இன்னொரு நஷ்டம் இருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. ஆனால் பாலிசியைப் புதுப்பித்தால் அந்த மூன்று ஆண்டு, புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி எண்ணப்படும். எட்டு வருடம் ஒழுங்காகக் கட்டியவரும் வங்கி செய்த பிழையால் புதுப்பித்தவர் வரிசையில் போய் நிற்கிறார். அதனால் எல்.ஐ.சி.க்கு எழுதும் மனுவில் கட்டணத் தள்ளுபடியோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: பிரீமியம் உரிய தேதியில் வந்ததாகக் கருதி, பாலிசி தொடர்ச்சி அறாமல் பதிவு செய்யுங்கள் என்று. கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. கேட்டது எழுத்தில் இருந்தால்தான் பின்னால் வாதாட முடியும்.

சரி, தள்ளுபடி யார் தர வேண்டியது? இடையில் நின்று பணத்தைத் தவறவிட்டவர் யாருடைய ஆள் என்பதைப் பொறுத்தது அது. உச்ச நீதிமன்றம் இதை இரண்டு வழக்குகளில் இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறது. 1997-இல் ஹர்ஷத் ஷா வழக்கில், பிரீமியத்தை முகவரிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாகாது என்றது. முகவருக்குப் பிரீமியம் வசூலிக்கும் அதிகாரம் இல்லை என்பது காரணம். 1999-இல் பசந்தி தேவி வழக்கில், சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய பிரீமியத்தைக் கட்டாமல் விட்ட டெல்லி மின்வாரியத்தை எல்.ஐ.சி.யின் பிரதிநிதியாகவே கருதி, எல்.ஐ.சி.யைப் பணம் கொடுக்க வைத்தது. மலைக்கிராமங்களில் முகவர் கையில் ரொக்கம் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் முதல் வழக்கைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

நாச் ஏற்பாட்டில் இரண்டு வங்கிகள் இருக்கின்றன. எல்.ஐ.சி. சார்பில் பணம் கேட்கும் வங்கி ஒன்று, நம் கணக்கு உள்ள வங்கி இன்னொன்று. நம் கணக்கில் பணம் கழிந்து, எல்.ஐ.சி. கணக்கில் ஏறாமல் கேட்ட வங்கியிடமே தங்கியிருந்தால் எல்.ஐ.சி.யிடம் உறுதியாக வாதாடலாம். நம் உதாரணத்தில் பிழை நம் வங்கியுடையது. எல்.ஐ.சி. மனமிரங்கினால் குறைக்கலாம், 2025 ஆகஸ்ட் 18 முதல் அக்டோபர் 17 வரை நடந்த புதுப்பிப்பு முகாமில் தாமதக் கட்டணத்தில் 30 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அது சலுகை. உரிமையாகக் கேட்க வேண்டிய இடம் வங்கி.

இதற்கான பிடி எல்லா வங்கியிடமும் இருக்கும் 'இழப்பீட்டுக் கொள்கை' என்னும் ஆவணம். கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் கழிக்கும் உத்தரவை வங்கி நேரத்துக்கு நிறைவேற்றத் தவறினால், அதனால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் பண நஷ்டத்தை வங்கி ஈடுசெய்யும் என்று அதில் வழக்கமாக ஒரு பத்தி இருக்கும். கிளை மேலாளர்கள் பலருக்கே அது நினைவில் இருக்காது. அந்தப் பத்தியைச் சுட்டி 380 ரூபாயையும், திரும்பியதற்குப் பிடித்த 295 ரூபாயையும், ஆக 675 ரூபாய் கேட்கலாம்.

மேலாளரிடம் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் தாருங்கள் என்றால் தரமாட்டார். அவர் வேலைக்கு ஆபத்து. அதற்குப் பதில், ஜனவரி 28 அன்று நாச் கோரிக்கை என்ன காரணத்தால் திரும்பியது என்று மட்டும் எழுதிக் கேட்க வேண்டும். பதிவில் உள்ளதைச் சொல்வதில் அவருக்குத் தயக்கம் இருக்காது. 'இருப்பு போதவில்லை' என்று வந்தால் வாதம் அங்கேயே முடிந்தது. 'கணக்கு முடக்கம்' என்று வந்தால், டிசம்பர் ஒப்புகைச் சீட்டையும் அன்றைய இருப்பைக் காட்டும் பாஸ்புக் பக்கத்தையும் பக்கத்தில் வைத்தால் மீதியை ஆவணமே பேசும். வங்கி இணைப்புக்குப் பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. மாறியதாலும் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பதாலும்கூடக் கோரிக்கை திரும்புவதுண்டு. 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கி இணைப்பின் மூலம் தமிழ்நாடு கிராம வங்கி ஆனதுபோல, இணைப்புகள் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வங்கியின் பதில், ஒப்புகைச் சீட்டு, பாஸ்புக் பக்கம் என்ற அதே மூன்று தாள்கள் எல்.ஐ.சி. மனுவுக்கும் இணைப்பாகும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. தபாலிலும் அனுப்பலாம், மலையிறங்க வேண்டாம். வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுக்காதவர்களின் மனு அங்கே நிற்காது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. கோரிக்கை திரும்பியபின் சில நேரம் நாச் ஏற்பாடே நிறுத்தப்பட்டிருக்கும். அடுத்த கெடு ஜூலை 28. அதற்குள் ஏற்பாடு உயிரோடு இருக்கிறதா என்று கள்ளக்குறிச்சி எல்.ஐ.சி. கிளையில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் புதிய படிவம் கொடுக்க வேண்டும்.